எவ்வளவு நேரம்? எவ்வளவு நேரத்தில்?

‘அம்மா பத்து நிமிடம் கோலம் போட்டாள்.’ ‘அம்மா பத்து நிமிடத்தில் கோலம் போட்டாள்.’ இரண்டுமே நாம் சாதாரணமாகச் சொல்லக்கூடியவை. வினைச்சொல் ஒன்றுதான், இரண்டும் இறந்த காலம்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டவர், வாசலில் ஒரு முழுக்கோலம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். முதலாவதைக் கேட்டவருக்கு அந்த உறுதி கிடைக்காது. பத்தாவது நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டு, புள்ளி வைத்ததோடு அம்மா உள்ளே போயிருக்கலாம். அப்போதும் அந்த வாக்கியம் பொய்யாகிவிடாது.

இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது ‘இல்’ என்ற ஒரு சின்ன உருபு. அதை எல்லா வினையோடும் இப்படிச் சேர்த்துவிட முடியாது. ‘பத்து நிமிடம் சிரித்தான்’ என்று சொல்லலாம். ‘பத்து நிமிடத்தில் சிரித்தான்’ என்றால் கேட்பவர் விழிப்பார். பத்து நிமிடம் கழித்துச் சிரித்தான் என்று வேண்டுமானால் சமாளித்துப் பொருள் கொள்வார். சாவி விஷயத்தில் நிலைமை தலைகீழ். ‘பத்து நிமிடத்தில் சாவியைக் கண்டுபிடித்தான்’ சரியான தமிழ். ‘பத்து நிமிடம் சாவியைக் கண்டுபிடித்தான்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பள்ளியில் நாம் படித்த இலக்கணம் வினைக்கு மூன்று காலம் உண்டு என்கிறது. ஒரு செயல் பேசும் நேரத்துக்கு முன்பா, அப்போதா, பின்பா என்பதை அது சொல்லிவிடும். அந்தச் செயல் தனக்குள் எப்படி நேரத்தை நிரப்புகிறது என்பது வேறு கேள்வி. அது நீள்கிறதா, ஒரு நொடியில் நடந்துவிடுகிறதா? அதற்கென்று ஒரு முடிவு இருக்கிறதா, இல்லை நிறுத்தும்வரை போய்க்கொண்டே இருக்கிறதா? இந்த உள்ளமைப்பை வைத்து வினைகளைப் பிரிப்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி பழையது. அரிஸ்டாட்டில் தமது ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் இதைத் தொட்டிருக்கிறார். பார்க்கும் ஒருவன் அந்தக் கணத்திலேயே பார்த்தும் இருக்கிறான். ஆனால் வீடு கட்டிக்கொண்டிருப்பவன் அப்போதே வீட்டைக் கட்டியவன் ஆகிவிடுவதில்லை என்பது அவர் கண்ட வேறுபாடு. ஆக்ஸ்ஃபோர்டின் கில்பர்ட் ரைல் 1949-ல் வெளியிட்ட நூலில், தேடுவது போன்ற முயற்சி வினைகளையும் கண்டடைவது போன்ற வெற்றி வினைகளையும் பிரித்துக் காட்டினார். இன்று உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் சொல்லித்தரப்படும் நான்கு வகைப் பகுப்பைத் தந்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் தத்துவம் கற்பித்த ஸெனோ வெண்ட்லர். 1957-ல் ஒரு தத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரை சிறியது. அதற்கு எழுந்த மறுப்புகளும் திருத்தங்களும் விரிவுகளும் ஒரு தனி நூலகத்தையே நிரப்பும்.

வெண்ட்லரின் நான்கு வகைகளை நான் தமிழில் இப்படி அழைக்கிறேன்: நிலை, செயல்பாடு, நிறைவேற்றம், எய்தல். ‘தெரியும்’ ஒரு நிலை. ‘ஓடு’ ஒரு செயல்பாடு. ‘ஒரு வட்டம் வரை’ ஒரு நிறைவேற்றம். ‘சாவியைக் கண்டுபிடி’ ஓர் எய்தல். பெயர்களை மனப்பாடம் செய்வதால் பயன் அதிகமில்லை. ஒரு வினையை எதிரே வைத்து, இது எந்த வகை என்று சோதித்துப் பார்க்கத் தெரிவதுதான் இதில் உள்ள வித்தை. வெண்ட்லர் ஆங்கில வாக்கியங்களைக் கொண்டு சோதித்தார். நாம் தமிழ் வாக்கியங்களைக் கொண்டே செய்துபார்க்கலாம். சில இடங்களில் தமிழ் இன்னும் தெளிவாகவே விடை சொல்கிறது.

முதலில் நிலையைப் பிரித்தெடுப்போம். ‘எனக்கு நீச்சல் தெரியும்’, ‘அவளுக்கு மல்லிகை பிடிக்கும்’, ‘இவ்வளவு போதும்.’ இவற்றில் எதுவும் நடக்கவில்லை. ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வினைகளோடு ‘கொண்டிரு’ சேராது. ‘நீச்சல் அடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்போம், ‘நீச்சல் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்ல நாக்கு வராது. ஏவலும் வராது. ‘ஓடு’ என்று ஒருவரைப் பணிக்கலாம், ‘தெரி’ என்று பணிக்க முடியாது. ‘நீச்சலைக் கற்றுக்கொள்’ என்றுதான் சொல்ல முடியும். அது வேறு வினை, வேறு வகை. இந்த வினைகள் நிகழ்காலத்தைச் சொல்லும் விதமும் தனி. ‘தெரியும்’, ‘பிடிக்கும்’ ஆகியவை பார்வைக்கு எதிர்காலம் போல ‘உம்’ விகுதியோடு நின்றாலும் இப்போதைய நிலையைத்தான் சொல்கின்றன. நம் பழைய இலக்கணத்தார் ‘நல்லன்’, ‘கரியன்’ போன்றவற்றைக் குறிப்புவினை என்று தனியே ஒதுக்கியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவற்றில் காலம் காட்டும் இடைநிலை இல்லை. அவை சொல்வதும் ஒருவர் செய்ததை அல்ல, இருக்கும் தன்மையை.

ஆனால் ‘கொண்டிரு’ சோதனையை முழுதாக நம்பிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் நம்புதல் என்பதற்கான சொல் நிலை வினைக்குப் பாடப்புத்தக உதாரணம். அதற்குத் தொடர்வடிவம் பொதுவாக வராது. தமிழில் ‘மகன் பணம் அனுப்புவான் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். ஏவலும் வருகிறது: ‘என்னை நம்பு.’ ஆகவே ஒரு மொழியில் நிலையாக இருக்கும் வினை இன்னொரு மொழியில் சற்று நகர்ந்து நிற்கலாம். பட்டியலை இறக்குமதி செய்யக் கூடாது. சோதனையை எடுத்துக்கொண்டு, நம் சொற்களின் மீது புதிதாக நடத்த வேண்டும்.

அடுத்து செயல்பாட்டுக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள பிரிவு. நான்கில் இதுதான் செழுமையான இடம். வெண்ட்லர் இதற்குக் காட்டியவை வண்டி தள்ளுவதும் வட்டம் வரைவதும். ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார், நடுவில் நிறுத்திவிட்டார். வண்டியைத் தள்ளினாரா? தள்ளினார். இன்னொருவர் வட்டம் வரைந்துகொண்டிருக்கிறார். பாதியில் பேனாவை எடுத்துவிட்டார். வட்டம் வரைந்தாரா? தாளில் இருப்பது ஒரு வில். வட்டம் இல்லை. தள்ளுவதன் எந்தத் துண்டை எடுத்தாலும் அதுவும் தள்ளுவதுதான். வட்டம் வரைவதன் துண்டு வட்டம் வரைந்தது ஆகாது. இதைப் பாதியில் நிறுத்தும் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. வட்டம் முழுமையடையவே இல்லை. அப்படியிருக்க ‘அவர் வட்டம் வரைந்துகொண்டிருந்தார்’ என்ற வாக்கியம் எப்படி உண்மையாகிறது? இல்லாத ஒரு வட்டத்தை எப்படி வரைந்துகொண்டிருக்க முடியும்? அமெரிக்க மொழியியலாளர் டேவிட் டௌட்டி இந்தப் புதிருக்குப் பெயரிட்டு, ஒரு விடையும் முன்வைத்தார். இடையூறு எதுவும் வராமல் காரியங்கள் வழக்கம்போல் நடந்திருந்தால் வட்டம் முடிந்திருக்கும் என்பதே அந்த வாக்கியத்தின் பொருள் என்றார் அவர். ‘வழக்கம்போல்’ என்பதை எப்படி வரையறுப்பது என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

இந்தப் பிரிவை வினைச்சொல் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதை நம் வீட்டுச் சாப்பாட்டு வாக்கியங்களே காட்டிவிடும். ‘சாப்பிடு’ எந்த வகை? தனியாகக் கேட்டால் விடை கிடையாது. ‘பையன் அரை மணி நேரம் இட்லி சாப்பிட்டான்.’ இது செயல்பாடு. எத்தனை இட்லி என்ற அளவு இல்லை, ஆகவே எங்கே முடிய வேண்டும் என்ற எல்லையும் இல்லை. ‘பையன் அரை மணி நேரத்தில் நான்கு இட்லி சாப்பிட்டான்.’ இப்போது நிறைவேற்றம். நான்காவது இட்லியின் கடைசி வாய் எங்கே முடிகிறதோ, அங்கே நிகழ்ச்சியும் முடிகிறது. மூன்றாவது இட்லியோடு எழுந்துவிட்டால் ‘நான்கு இட்லி சாப்பிட்டான்’ பொய்யாகிவிடும். வினை மாறவில்லை. செயப்படுபொருளுக்கு அளவு வந்ததும் நிகழ்ச்சிக்கு எல்லை வந்துவிட்டது. ‘நட’ என்பதும் இப்படியே. ‘ஒரு மணி நேரம் நடந்தார்’ என்றால் எல்லை இல்லை. ‘ஒரு மணி நேரத்தில் கோயில்வரை நடந்தார்’ என்றால் கோயில்தான் எல்லை.

கோலத்துக்கு இரண்டு வாக்கியமும் பொருந்தியதன் காரணமும் இதுதான். தமிழில் ‘கோலம் போட்டாள்’ என்று வெறுமனே சொன்னால், அது ஒரு குறிப்பிட்ட கோலமா, கோலம் போடும் வேலையா என்று வெளிப்படையாகத் தெரிவதில்லை. பக்கத்தில் வரும் ‘நிமிடம்’, ‘நிமிடத்தில்’ என்ற சொல்லே அதைத் தீர்மானிக்கிறது.

எழுவாயும் இப்படிச் செய்யும். ஒரு விருந்தாளி வருவது எய்தல், ஒரு நொடியில் முடிந்துவிடும். ‘மாமா இரண்டு மணி நேரம் வந்தார்’ என்று சொல்வதில்லை. கல்யாண மண்டபத்தில் ‘இரண்டு மணி நேரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்’ என்பது இயல்பான பேச்சு. ஒவ்வொரு வருகையும் புள்ளிதான். கணக்கில்லாத புள்ளிகள் சேர்ந்து ஒரு நீட்சியாகிவிட்டன.

இனி நிறைவேற்றத்திலிருந்து எய்தலைப் பிரிக்க வேண்டும். ‘எவ்வளவு நேரத்தில்’ என்ற கேள்வி இங்கே உதவாது, ஏனெனில் இரண்டுமே அதற்கு விடை சொல்கின்றன. ‘பத்து நிமிடத்தில் வட்டம் வரைந்தான்’, ‘பத்து நிமிடத்தில் சாவியைக் கண்டுபிடித்தான்’ இரண்டும் சரி. அந்தப் பத்து நிமிடமும் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டுப்பாருங்கள். முதலாமவன் வட்டம் வரைந்துகொண்டிருந்தான். இரண்டாமவன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை. நிறைவேற்றத்தில் இடைப்பட்ட நேரத்துக்கும் முடிவுக்கும் ஒரே வினை போதும். எய்தலில் இடைநேரத்துக்கு வேறொரு வினை தேவைப்படுகிறது, ரைல் சொன்ன முயற்சி வினை. அதனால்தான் ‘பாதி வீடு கட்டினார்’ என்று சொல்ல முடிகிறது, ‘பாதி கண்டுபிடித்தார்’ என்று ஒரு சாவியைப் பற்றிச் சொல்ல முடிவதில்லை.

இதற்குத் தமிழ் இன்னொரு நல்ல கருவியையும் வைத்திருக்கிறது: ‘முடி’ என்ற துணைவினை. ‘கட்டி முடித்தார்’, ‘படித்து முடித்தாள்’, ‘எழுதி முடித்தேன்’ எல்லாம் நிறைவேற்றங்கள். ‘கண்டுபிடித்து முடித்தான்’ என்றோ, சாவி தொலைந்ததைப் பற்றி ‘தொலைத்து முடித்தான்’ என்றோ சொன்னால் ஒட்டாது. முடிப்பதற்கு உள்ளே ஒரு நீளம் வேண்டும், எய்தலில் அது இல்லை. ‘ஓடி முடித்தான்’ என்று சொல்லலாமே என்று கேட்கலாம். சொல்லலாம். அப்போது நூறு மீட்டரோ பத்துச் சுற்றோ, ஓர் அளவு நம் மனத்தில் வந்துவிடுகிறது. வாக்கியத்தில் இல்லாத எல்லையைக் கேட்பவரே போட்டுக்கொள்கிறார்.

எய்தலோடு ‘கொண்டிரு’ சேரும் இடங்களும் உண்டு, ஆனால் பொருள் நகர்ந்துவிடும். ‘ரயில் வந்துகொண்டிருக்கிறது’ என்றால் இன்னும் வந்து சேரவில்லை, நெருங்குகிறது. ‘பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிறது’ என்றால் ஒன்றல்ல, பல. தும்முவது, இருமுவது, கதவைத் தட்டுவது போன்றவையும் கண நேரத்தில் முடிபவை. அவற்றின் முடிவில் எதுவும் மாறி நிற்பதில்லை. ‘ஐந்து நிமிடம் இருமினார்’ என்றால் பல முறை இருமினார் என்றே பொருள். வெண்ட்லரின் நான்கில் இவற்றுக்குச் சரியான இடமில்லை. பெர்னார்ட் காம்ரி 1976-ல் இவற்றுக்கு ஒரு பெயர் தந்தார். பிறகு கார்லோட்டா ஸ்மித் இவற்றை ஐந்தாம் வகையாகவே சேர்த்துக்கொண்டார்.

இதுவரை சொன்னது பல மொழிகளுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். இனி வருவது தமிழுக்கே உரிய நுட்பம், எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

‘எவ்வளவோ எழுப்பினேன், அவன் எழுந்திருக்கவே இல்லை.’ காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில் கேட்கும் வாக்கியம். இதில் யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை. எழுப்புவது என்றால் ஒருவரை எழச் செய்வது, முடிவு உள்ள செயல். அந்த முடிவு வராமலேயே ‘எழுப்பினேன்’ என்று இறந்த காலத்தில் சொல்லிவிட்டோம். ஆங்கிலத்தில் இதற்கு நேரான வினையை இறந்த காலத்தில் சொன்னால் ஆள் எழுந்துவிட்டான் என்றே பொருள். எழவில்லை என்று தொடர்ந்தால் தன்னையே மறுத்ததாகும். தமிழில் ‘விளக்கை அணைத்தேன், அணையவில்லை’, ‘தேங்காயை உடைத்தேன், உடையவில்லை’ என்று சொல்பவர்களும் உண்டு. மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழின் இந்த இயல்பை 2008-ல் வந்த ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். தமிழின் தனி வினை பல நேரம் முயற்சியைச் சொல்வதோடு நின்றுகொள்கிறது. முடிவு வந்ததா என்பதைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது.

முடிவை உறுதி செய்ய வேண்டுமென்றால் ‘விடு’ வருகிறது. ‘எழுப்பிவிட்டேன், அவன் எழுந்திருக்கவில்லை’ என்று சொல்லிப்பாருங்கள். வாக்கியம் உடனே முறிகிறது.

ஆகவே ‘விடு’ என்றால் முடிந்தது என்று பொருள் என நினைக்கத் தோன்றும். நான்கு வகைகளின் மீதும் அதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ‘தூங்கு’ ஒரு நீட்சியுள்ள வினை: ‘எட்டு மணி நேரம் தூங்கினான்.’ ‘விடு’ சேர்ந்ததும், ‘ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.’ இது தூக்கம் முடிந்ததைச் சொல்லவில்லை. தூக்கம் தொடங்கியதைச் சொல்கிறது. கூடவே ‘நேரம்’ போய் ‘நேரத்தில்’ வந்துவிட்டது, அதாவது வினை எய்தலாக மாறியிருக்கிறது. ‘மேடையில் பேசும்போது அழுதுவிட்டாள்’ என்பதும் அழுகை வெடித்த கணம்தான், ஓய்ந்த கணம் அல்ல. ‘திருடன் ஓடிவிட்டான்’ என்றால் ஓட்டத்தை முடித்தான் என்று யாரும் நினைப்பதில்லை, பிடியிலிருந்து தப்பினான். நிலை வினைகளிலும் இதே கதை. ‘எனக்குத் தெரியும்’ என்பது இருப்பது. ‘எனக்குத் தெரிந்துவிட்டது’ என்பது தெரியாமையிலிருந்து தெரிதலுக்குத் தாண்டிய கணம். ‘அந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது’ என்றால் பிடித்தல் முடிந்துபோகவில்லை, அன்றுதான் ஆரம்பித்தது.

ஆக, ‘விடு’ செய்வது எல்லைக்கல் நடும் வேலை. வட்டத்துக்கும் வீட்டுக்கும் முடிவு என்று ஒன்று இயல்பாகவே இருப்பதால் கல் அங்கே விழுகிறது. தூக்கத்துக்கும் அழுகைக்கும் தெரிதலுக்கும் தமக்கென்று முடிவு இல்லை. தொடக்கம் மட்டுமே கூர்மையாக இருக்கிறது, கல் அங்கே விழுகிறது. எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வினையின் வகை. ‘விடு’வை வைத்தே ஒரு வினையின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதிலும் வரம்பு உண்டு. ‘அசதியில் பத்து மணி நேரம் தூங்கிவிட்டேன்’ என்றும் சொல்கிறோம். அங்கே ‘நேரத்தில்’ இல்லை, ‘நேரம்’ அப்படியே நிற்கிறது. எண்ணாமல் நடந்துவிட்டதே என்ற குறைதான் ‘விடு’ தருவது. ‘உண்மையைச் சொல்லிவிட்டேன்’ என்பதில் நிம்மதியும் இருக்கலாம், வருத்தமும் இருக்கலாம். நேரத்தின் எல்லையையும் பேசுபவரின் மனநிலையையும் ஒரே துணைவினை சுமக்கிறது. எது எப்போது மேலோங்கும் என்பதற்கு வாய்பாடு கிடையாது, வாக்கியம் முழுவதையும் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

பிறமொழிக்காரருக்கோ வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ தமிழ் கற்பிப்பவர்கள் ‘தூங்கினான்’, ‘தூங்கிவிட்டான்’ இரண்டையும் ஒரே இறந்த காலத்தின் இரு வடிவங்களாகச் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்க முடிகிறது. அப்படிச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வினையையும் ‘எவ்வளவு நேரம்’, ‘எவ்வளவு நேரத்தில்’ என்ற இரண்டு கேள்விகளோடு சேர்த்தே அறிமுகப்படுத்துங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ‘தேங்காயை உடைத்தேன், உடையவில்லை’ என்ற வாக்கியத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே சொல்லி, சரியாகப் படுகிறதா என்று கேளுங்கள். பிறகு ‘எழுப்பினேன்’, ‘அணைத்தேன்’, ‘திறந்தேன்’ ஆகியவற்றையும் கேளுங்கள். எல்லா வினைக்கும் ஒரே விடை வராது, எல்லா ஊரிலும் ஒரே விடை வராது. கிடைத்த விடைகளை வினைவாரியாக எழுதி வையுங்கள்.